சனிக்கிழமை ஆட்டம்: காலை 5.45-க்குப் பள்ளி வாசலில்

குரோம்பேட்டை,
ஆகஸ்ட் 5, 2026

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். வரும் சனிக்கிழமை, ஆகஸ்ட் 8 அன்று, நம் பள்ளியின் 14 வயதுக்குட்பட்டோர் கிரிக்கெட் அணிக்கு 30 ஓவர் ஆட்டம் இருக்கிறது. வழக்கமாக இந்த விவரத்தையெல்லாம் பி.டி. சார் வாட்ஸ்அப் குழுவில் இரண்டு வரியில் போட்டுவிடுவார். இந்த முறை நான் உட்கார்ந்து கடிதமாக எழுதுவதற்குக் காரணம், போன வருடம் அந்த இரண்டு வரி பண்ணின வேலை.

போன வருடச் செய்தி இன்னும் என் போனில் இருக்கிறது. “நாளை காலை 8 மணி, ஒய்.எம்.சி.ஏ. மைதானம். எல்லாரும் வந்துவிடவும்.” அவ்வளவுதான். சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. மைதானம் என்றால் நந்தனத்திலும் உண்டு, ராயப்பேட்டையிலும் உண்டு. எட்டு மணி என்பது வந்து சேரும் நேரமா, ஆட்டம் தொடங்கும் நேரமா என்பதும் அதில் இல்லை. நம் ஓப்பனிங் பவுலரின் அப்பா பாவம், மகனைப் பைக்கில் ஏற்றிக்கொண்டு ராயப்பேட்டைக்குப் போய்விட்டார். அங்கே யாரும் இல்லை என்று தெரிந்து நந்தனம் வந்து சேரும்போது மணி 8.25. தப்பு அவர் மேல் இல்லை. அந்தச் செய்தியைப் பார்த்து “சரி, அனுப்புங்கள்” என்று சொன்னவன் நான்.

இருபத்தைந்து நிமிடம்தானே, அப்புறம் இறங்கி ஆடினால் போயிற்று என்று நினைக்கத் தோன்றும். கிரிக்கெட் விதி அப்படி இல்லை. நான் பல வருடம் ஞாயிற்றுக்கிழமைகளில் லீக் ஆட்டங்களுக்கு ஸ்கோர் எழுதியவன், இது அடிக்கடி பார்த்த சங்கதி. ஃபீல்டிங் பண்ண வேண்டிய ஒருவன் எத்தனை நிமிடம் மைதானத்தில் இல்லையோ, வந்த பிறகு அத்தனை நிமிடம் களத்தில் நின்ற பிறகுதான் பந்து வீசலாம். இதற்கு உச்சவரம்பு 90 நிமிடம். பையன் 8.25-க்கு வந்தான் என்றால் 8.50 வரை அவன் கையில் பந்து கொடுக்க முடியாது. பிள்ளைகள் ஆட்டத்தில் ஓர் ஓவருக்கு நான்கு நிமிடம் வைத்துக்கொள்ளுங்கள். ஐம்பது நிமிடத்தில் பன்னிரண்டு ஓவர் போய்விட்டது. அவன் புதுப்பந்தை ஸ்விங் பண்ணுகிறவன். அவன் கைக்கு வரும்போது அந்தப் பந்து ஒரு பக்கம் சொரசொரப்பாகி, தையல் அமுங்கி, பழம்பந்தாகியிருந்தது. எதிரணி அதற்குள் விக்கெட் இழப்பில்லாமல் 70 ரன்.

முதல் இருபத்தைந்து நிமிடமும் நாம் பத்துப் பேரோடுதான் நின்றோம். சப்ஸ்டிட்யூட் இறக்கலாமா என்று பி.டி. சார் கேட்டுப் பார்த்தார். ஆட்டத்தின்போது காயம், உடம்புக்கு முடியவில்லை, அல்லது முழுதாக ஏற்கத்தக்க வேறு காரணம் இருந்தால்தான் உண்டு என்று அம்பயர் சொல்லிவிட்டார். வழி மாறிப் போனது அவருக்கு அந்தக் கணக்கில் வரவில்லை.

சரி, இந்த வருடத்துக்கு வருகிறேன். சனிக்கிழமை பற்றி அணிக்குப் போகப்போகும் செய்தி இதுதான். வெள்ளிக்கிழமை மாலை 6 மணிக்கு இதையே குழுவிலும் போடுவோம். வீட்டில் ஒருமுறை பையனைச் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள்.

“நாளை சனி. காலை 5.45-க்குப் பள்ளி வாசலில் இருக்க வேண்டும். 6 மணிக்கு வேன் கிளம்பும், காத்திருக்காது. மைதானம்: நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி வளாகம், அண்ணா சாலை. ராயப்பேட்டை அல்ல. டாஸ் 7.30, முதல் பந்து 8.00. வெள்ளை உடை, ரப்பர் அடிப்பாகம் உள்ள ஷூ, சொந்த அடிவயிற்றுக் கார்டு, தொப்பி, இரண்டு லிட்டர் தண்ணீர். வர முடியாவிட்டால் 7.15-க்குள் பி.டி. சாருக்குப் போன். பதினான்கு பேரும் வர வேண்டும்.”

இடம் பலருக்குத் தெரிந்ததுதான். ஜனவரியில் புத்தகக் காட்சி நடக்கிறதே, அதே வளாகம். வேன் ஜி.எஸ்.டி. சாலை, கத்திப்பாரா, சைதாப்பேட்டை வழியாகப் போகும். அந்த நேரத்தில் முக்கால் மணிக்குள் போய்விடலாம். பிள்ளைகள் எல்லாரும் வேனில்தான் வர வேண்டும், யாரும் தனியாகப் பைக்கில் கொண்டுவந்து விட வேண்டாம் என்பது இந்த வருடம் நான் போட்டிருக்கும் ஒரே புது விதி. பார்க்க வர விரும்பும் பெற்றோர் மின்சார ரயிலில் கிண்டி வந்து, அங்கிருந்து மெட்ரோவில் நந்தனம் இறங்கினால் வெயிலும் இல்லை, வண்டி நிறுத்தும் தலைவலியும் இல்லை.

எட்டு மணி ஆட்டத்துக்கு ஆறே முக்காலுக்கு அங்கே போய் என்ன செய்யப் போகிறார்கள் என்று இரண்டு அம்மாக்கள் கேட்டார்கள். நியாயமான கேள்வி. டாஸ் போடுவதற்கு முன்னால், ஆடப்போகும் பதினொருவர் பெயரையும் எழுதி அம்பயரிடம் கொடுக்க வேண்டும். கொடுத்த பிறகு ஒருவனை மாற்ற வேண்டுமென்றால் எதிரணி கேப்டன் சம்மதிக்க வேண்டும். சம்மதிக்காவிட்டால் அவரைக் குறை சொல்லவும் முடியாது. எனவே 7.15-க்குப் பட்டியல் முடிவாகிவிட வேண்டும். அதற்கு முன்னால் ஓடி, உடம்பைத் தளர்த்தி, கேட்ச் பிடித்து, பவுலர்கள் ஆளுக்கு ஒரு பன்னிரண்டு பந்தாவது போட்டுப் பார்க்க அரை மணி நேரம் தேவை. வேனில் சுருண்டு தூங்கி வந்த பையன் இறங்கியதும் வேகப்பந்து போட்டால் இடுப்பு பிடித்துக்கொள்ளும்.

அதனால்தான் அந்த 7.15 கணக்கு. காலையில் பையனுக்குக் காய்ச்சல், வயிற்றுப்போக்கு என்றால் தயங்காமல் உடனே போன் பண்ணுங்கள். 7.10-க்குத் தெரிந்தால் இன்னொரு பையன் பெயரை எழுதலாம். 7.40-க்குத் தெரிந்தால் பத்துப் பேர். காய்ச்சலை மறைத்து மாத்திரை கொடுத்து அனுப்பும் வழக்கமும் நம்மில் உண்டு. வேண்டாம்.

பட்டியல் இந்தக் கடிதத்தின் பின்பக்கத்தில் இருக்கிறது. பதினான்கு பெயர், முதல் பதினொன்று ஆடுகிறார்கள். ஐந்து மட்டையாளர்கள், ஒரு கீப்பர், இரண்டு ஆல்ரவுண்டர்கள், ஒரு வேகப்பந்து வீச்சாளர், இரண்டு ஸ்பின்னர்கள். வேகப்பந்து போடும் எட்டாம் வகுப்புப் பையன் இந்தமுறை வெளியே இருப்பதற்குக் காரணம் ஆடுகளம். அன்றைக்குத் தரையில் அல்ல, கயிற்றுப் பாய் விரித்த மேட்டிங் விக்கெட்டில் ஆட்டம். பாயில் விழும் பந்தின் தையல் பாயைப் பற்றிக்கொள்வதால் பந்து நன்றாகத் திரும்பும், கூடவே தரையில் எழும்புவதைவிட உயரமாகவும் எழும்பும். அதனால் பி.டி. சார் இரண்டாவது ஸ்பின்னரைச் சேர்த்திருக்கிறார். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். வெளியே இருக்கும் மூவரில் யாரும் சும்மா உட்காரப் போவதில்லை. யாருக்காவது அடிபட்டால் முதலில் களம் இறங்கப் போகிறவர்கள் அவர்கள்தான். சப்ஸ்டிட்யூட் பந்து வீசக் கூடாது, ஆனால் கேட்ச் பிடித்தால் அது அவுட்தான்.

மேட்டிங் என்றதும் ஷூ விஷயத்துக்கு வர வேண்டும். ஆணி வைத்த ஸ்பைக்ஸ் ஷூ பாயைக் கிழிக்கும், கயிற்றில் மாட்டிக் கணுக்காலையும் திருப்பும். ரப்பர் அடிப்பாகம் உள்ள வெள்ளை ஷூ போதும். புதிதாக வாங்க வேண்டிய அவசியமே இல்லை, பி.டி. பீரியடுக்குப் போடும் கேன்வாஸ் ஷூவே சரி. உடை முழு வெள்ளை, ஏனென்றால் ஆடுவது சிவப்புப் பந்தில். வண்ண டி-ஷர்ட் போட்டு யாரும் வர வேண்டாம்.

மட்டை, பேடு, க்ளவுஸ், ஹெல்மெட் எல்லாம் பள்ளிக் கிட்டில் இருக்கிறது. அடிவயிற்றுக் கார்டு மட்டும் ஒவ்வொருவரும் சொந்தமாகக் கொண்டுவர வேண்டும். ஒருவன் போட்டதை இன்னொருவன் போடுவது சுத்தத்துக்கும் ஆகாது, அளவுக்கும் ஆகாது. கேட்பதற்குப் பையன்கள் கூச்சப்படுவார்கள், அப்பாக்கள்தான் வாங்கிக் கொடுக்க வேண்டும்.

சொந்த ஹெல்மெட் வைத்திருப்பவர்கள் வீட்டிலேயே ஒரு சோதனை செய்துவிடுங்கள். ஹெல்மெட்டைப் பையன் தலையில் போட்டுப் பட்டையை மாட்டி, தலையை இரண்டு பக்கமும் ஆட்டச் சொல்லுங்கள். ஹெல்மெட் தனியாக ஆடினால் அது பெரிது. பிறகு ஒரு கிரிக்கெட் பந்தை எடுத்து, முன்னால் இருக்கும் கம்பி வலைக்கும் நெற்றி விளிம்புக்கும் நடுவே அழுத்திப் பாருங்கள். பந்தின் குறுக்களவு 7 செ.மீ.க்குச் சற்று அதிகம். அது கொஞ்சம்கூட உள்ளே இறங்கக் கூடாது. போன மாதம் பயிற்சியின்போது ஒரு பையனின் ஹெல்மெட்டில் பந்து சுலபமாக உள்ளே போய் மூக்கைத் தொட்டது. அண்ணன் போட்ட ஹெல்மெட்டாம், வலையை வெளிப்பக்கம் நெம்பி விட்டிருந்தார்கள். பந்து உயரமாக எழும்பும் பாயில் அது ஹெல்மெட் இல்லாததைவிட ஆபத்து, ஏனென்றால் பையன் தைரியமாக முன்னால் வந்துவிடுவான்.

இன்னொன்று, ஆட்டத்துக்காகப் புது மட்டை வாங்கியிருந்தால் தயவுசெய்து அதைச் சனிக்கிழமை அனுப்ப வேண்டாம். ஆளிவிதை எண்ணெய் தடவி, மரச்சுத்தியலால் பல மணி நேரம் தட்டிப் பழக்காத மட்டை, புதுப்பந்து ஓரத்தில் பட்டால் விரிசல் விட்டுவிடும். வாங்கிய பில்லோடு என் அறைக்கு வந்து நின்ற ஓர் அப்பாவின் முகம் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

சாப்பாடு: வீட்டிலிருந்து இரண்டு இட்லி மட்டும் கட்டிக்கொடுங்கள், வேனை விட்டு இறங்கியதும் சாப்பிடட்டும். இடைவேளைக்கு வாழைப்பழமும் மதியத்துக்கு எலுமிச்சை சாதமும் பள்ளி தரும். பிற்பகல் 3 மணிக்குள் திரும்பிவிடுவோம். இரவு மழை பெய்து ஆட்டம் ரத்தானால் காலை 5 மணிக்குள் குழுவில் செய்தி வரும். வரவில்லை என்றால் ஆட்டம் உண்டு என்று அர்த்தம்.

பார்க்க வருபவர்கள் பவுலர் ஓடிவரும் பக்கம், அவர் கைக்கு நேர்பின்னால், நிற்கவோ நடக்கவோ வேண்டாம். மட்டையாளருக்குப் பந்து கண்ணில் மறையும்.

கீழே உள்ள ஒப்புதல் சீட்டில் கையெழுத்திட்டு, காலையில் கட்டாயம் எடுக்கும் போன் எண் ஒன்றையும் எழுதி, வெள்ளிக்கிழமை மாலை 4 மணிக்குள் பி.டி. சாரிடம் சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்

பி.கு.: போன ஆட்டத்தில் யாரோ விட்டுவிட்டுப் போன இடது கை க்ளவுஸ் ஒன்று என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. அதன் ஜோடியான வலது கை க்ளவுஸைக் காட்டினால் கொடுத்துவிடுகிறேன்.