விதைக்கிற மாதத்தை அல்ல, பிடுங்குகிற கிழமையைப் பார்க்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

காலபோகத்துக்கு முந்திய கூட்டம் என்றால் பசளை, மானியம் என்று பேசிக் கலைவதுதான் எங்கள் ஊர் வழமை. இம்முறை கமக்காரர் அமைப்பின் தலைவர் 2021 முதல் 2025 வரையான மரக்கறி விலை வரைபடத்தைச் சுவரில் ஒட்டிவிட்டு, "விதைக்கிற மாதத்தைப் பார்க்காதேங்கோ, பிடுங்கிற கிழமையைப் பாருங்கோ" என்று தொடங்கினார்.

பீற்றூட்டை விதைத்து ஏறத்தாழ மூன்று மாதத்தில் பிடுங்குகிறோம். கார்த்திகையில் எல்லோரும் ஒன்றாக விதைத்தால், மாசியில் எல்லோருடைய சாக்கும் ஒரே சந்தையில்தான் போய் நிற்கும். விதைக்கிற நேரத்து நல்ல விலை அப்போது எங்களுக்கு உதவாது.

அடுத்து, சராசரியை நம்ப வேண்டாம் என்றார். விளக்கத்துக்காகக் கரும்பலகையில் ஒரு கிலோ பீற்றூட்டுக்கு என்று ஐந்து விலைகளை எழுதினார்: 60, 140, 90, 320, 70 ரூபா. சராசரி 136. ஆனால் வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்பது 90. அந்த 320 என்பது, மலைநாட்டு மழையால் கரட் ஆயிரம் ரூபாவைத் தாண்டிய 2024 தை மாதத்தைப் போன்றது. அப்படி ஒரு விலையைக் கண்டு விதைத்தவர்கள் பலர். சரி, 90 ரூபா என்றே வைப்போம். சந்தையில் பத்து வீதக் கழிவு போனால் 81. சாக்கும் ஏற்றுகூலியும் 5 ரூபா என்றால் கையில் 76. கிலோவுக்குச் செலவு 70 என்றால் மிச்சம் 6 ரூபாதான். விலை 60க்கு இறங்கினால் நட்டம். "இந்த நட்டத்தைத் தாங்குமளவு பரப்பில் மட்டும் போடுங்கோ" என்றார்.

எனக்குப் பிடித்தது மண்ணெண்ணெய்க் கணக்கு. 2022 ஆவணியில் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ஆனது. நீரிறைக்கும் இயந்திரத்துக்கு அதைத்தானே ஊற்றுகிறோம். ஆகவே ஒரு கிலோ பீற்றூட் அந்த ஏற்றத்துக்கு முன் 80 ரூபா, பின் 120 ரூபா என்று வைத்தாலும், இரண்டையும் ஒரே கோட்டில் வைத்து விலை ஏறிவிட்டது என்று சொல்ல முடியாது. ஒரு லீற்றர் வாங்க முன்பு ஒரு கிலோவுக்குச் சற்று அதிகம் போதும், 340 ரூபா ஆனபோது கிட்டத்தட்ட மூன்று கிலோ வேண்டியிருக்கும்.

ஒரு குறையும் உண்டு. வரைபடத்தில் இருந்தது நுகர்வோர் கொடுத்த சில்லறை விலை. மரத்தடியில் வியாபாரி எங்களுக்குத் தந்த விலை அல்ல. இரண்டுக்கும் இடையிலான தூரம், வரத்துக் கூடிய கிழமைகளில்தான் மிக அதிகம். அத்துடன் இந்த வருடம் யார் எத்தனை பரப்பில் என்ன விதைக்கிறார்கள் என்பதை எந்த விலைக் கோடும் சொல்லாது. கமநல சேவை நிலையங்கள் விதைப்புக்கு முன் அந்தக் கணக்கை எடுத்துப் பலகையில் எழுதி வைத்தால், வரைபடத்துக்கு அரைவாசி உயிர் வரும்.

நான் ஆறு பரப்பில் மூன்றில் மட்டும் பீற்றூட் போடுகிறேன். அதிலும் ஒரு பரப்பை மூன்று கிழமை பிந்தி.

ஒரு கமக்காரன்,
ஏழாலை.