கழித்துப் போட்டால் கெயின் வந்துவிடுமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழில் கட்டுப்பாட்டுப் பொறியியல் தொடரைப் படித்தேன். நிலைப் பின்னூட்டத்தால் மூடிய சுற்றின் துருவங்களை நகர்த்துவதைப் பற்றி எழுதியவர் முக்கால்வாசி தூரம் ஒழுங்காகத்தான் வந்திருக்கிறார். கடைசிப் பத்தியில் மட்டும் இப்படி ஒரு வரி: "விரும்பிய பல்லுறுப்புக்கோவையின் கெழுக்களிலிருந்து பழைய கெழுக்களைக் கழித்தால் கெயின் கிடைத்துவிடும்." அவ்வளவுதான். எந்த வடிவத்தில், என்ன நிபந்தனையில் என்று ஒரு வார்த்தை இல்லை.

இந்த வரி எங்கே செல்லும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. அமைப்பு x′ = Ax + Bu, கெயின் K என்று வைத்துக்கொள்வோம். அணி A துணை வடிவத்தில் இருந்து, அதாவது பல்லுறுப்புக்கோவையின் கெழுக்கள் குறி மாறிக் கடைசி வரிசையில் நின்று, உள்ளீடு u கடைசி வரிசையில் மட்டும் 1 என்ற எண்ணோடு நுழைந்தால், u = −Kx என்ற பின்னூட்டம் அந்த ஒரு வரிசையை மட்டுமே தொடும். ஒவ்வொரு k-யும் ஒவ்வொரு கெழுவோடு போய்ச் சேரும். அப்போது கழித்தல் சரி. மற்ற எல்லா இடத்திலும் det(sI − A + BK) என்பதை விரித்து, அதன் கெழுக்களை விரும்பிய கெழுக்களோடு ஒவ்வொன்றாகச் சமன்படுத்த வேண்டும். ஒரே உள்ளீடு என்றால் இவை k-க்களில் நேரியல் சமன்பாடுகள்தான், பெரிய கஷ்டம் ஒன்றும் இல்லை. அந்தச் சின்ன வேலையைத்தான் உங்கள் கட்டுரையாளர் வாசகருக்கு மிச்சம் பிடித்துக் கொடுத்திருக்கிறார்.

அந்த மிச்சத்தின் விலையை நான் பார்த்தேன். ஆய்வகப் பொறுப்பில் இருப்பவன் நான். வண்டியின் மேல் நிற்கும் தலைகீழ் ஊசல் எங்களிடம் ஒன்று உண்டு. முதல் பயிற்சியில் வண்டி எங்கே போனாலும் பரவாயில்லை, கோணத்தையும் கோண வேகத்தையும் மட்டும் கவனித்தால் போதும் என்போம். அலகுகளை எளிதாக்கி எழுதினால் x₁′ = x₂, x₂′ = 9x₁ − u. அந்தக் கழித்தல் குறியைக் கவனியுங்கள். வண்டியை வலப்பக்கம் தள்ளினால் ஊசல் இடப்பக்கம் சாயும், குறி அங்கிருந்து வருகிறது. பின்னூட்டம் இல்லாதபோது பல்லுறுப்புக்கோவை s² − 9, துருவங்கள் +3, −3. மாணவர்கள் கேட்டது −3, −4, அதாவது s² + 7s + 12.

பிள்ளைகள் உங்கள் பக்கத்தை நகலெடுத்து மேசையில் வைத்துக்கொண்டு கழித்தார்கள். 12 − (−9) = 21, 7 − 0 = 7. K = [21 7] என்று ஏற்றி, ஊசலைக் கையால் நிமிர்த்திப் பிடித்து, சுவிட்சைப் போட்டார்கள். வண்டி தண்டவாளத்தின் முனைக்குப் பாய்ந்து தடுப்பில் மோதியது, பெல்ட் பற்சக்கரத்திலிருந்து கழன்று தொங்கியது. அந்த K-யை வைத்துச் சமன்பாட்டை விரித்துப் பார்த்தால் s² − 7s − 30 வருகிறது. துருவங்கள் −3, +10. முன்பு ஊசலைச் சும்மா விட்டிருந்தால் சாய்வு சுமார் 0.23 நொடிக்கு ஒருமுறை இரட்டித்திருக்கும். "கட்டுப்படுத்திய" பிறகு சுமார் 0.07 நொடியிலேயே இரட்டித்தது. விழுகிற ஊசலை இன்னும் வேகமாக விழவைக்க ஒரு மோட்டாரையும் மாட்டிக் கொடுத்தது உங்கள் சூத்திரம்.

முறையாகச் சமன்படுத்தினால் மூடிய சுற்றின் பல்லுறுப்புக்கோவை s² − k₂s − (9 + k₁). இதில் −k₂ = 7, −(9 + k₁) = 12. ஆக K = [−21 −7]. இரண்டு வரிக் கணக்கு, ஐயா. தவறு நடந்ததா என்று பார்ப்பது இன்னும் சுலபம்:

```
A = [0 1; 9 0];  B = [0; -1];
K = [21 7];
eig(A - B*K)
```

விடையில் 10 என்று வரும்போதே தெரிந்துவிடும். கணினியும் வேண்டாம் என்றால் A − BK-யின் மூலைவிட்டத்தைக் கூட்டுங்கள். அது விரும்பிய துருவங்களின் கூட்டுத்தொகையான −7 ஆக இருக்க வேண்டும். இங்கே +7. இதைப் போட உங்கள் பக்கத்தில் ஒரு வரி இடம் இல்லையா? எதிர்ப்பக்கத்தில் பாதி வெறுமையாகத்தான் கிடந்தது.

இது முதல் தடவை என்றால் நான் பேனாவை எடுத்திருக்கவே மாட்டேன். இதே தொடரின் முந்தைய ஒரு பகுதிக்கு "துருவங்களை எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம்" என்று தலைப்பே கொடுத்தீர்கள். எங்கே வேண்டுமானாலுமா? A மூலைவிட்ட அணி, எண்கள் 2, −1. உள்ளீடு இரண்டாவது நிலையை மட்டும் தொடுகிறது. −2, −3 வேண்டும் என்று s² + 5s + 6-ஓடு சமன்படுத்துங்கள். ஒரு கெழு k₂ = 6 என்கிறது, மற்றொன்று k₂ = −4 என்கிறது. k₁ எங்குமே வரவில்லை. s = 2 என்ற துருவத்தை உள்ளீடு எட்டவே இல்லை, அது அங்கேயேதான் உட்கார்ந்திருக்கும். சரி, முதல் நிலையையும் உள்ளீடு 0.01 அளவுக்குத் தொடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போது விடை உண்டு, ஆனால் k₁ சுமார் 667. அளவியில் வரும் சிறு இரைச்சலையும் 667 மடங்காக்கி மோட்டாருக்கு அனுப்பும் கெயின் அது. தாளில் துருவம் நகர்ந்துவிட்டது என்று மகிழ்ந்துகொள்ளலாம். கட்டுப்படுத்து தன்மையைப் பற்றி 1960-இலேயே கால்மன் சொல்லிவைத்தாயிற்று. [B AB] அணியின் அணிக்கோவை பூச்சியமா என்று பார்ப்பதைத் தலைப்பில் போட முடியாது, ஒப்புக்கொள்கிறேன். கட்டுரைக்குள்ளேயும் போடவில்லையே!

அப்புறம் இன்னொரு இதழில், ஒரே இடத்தில் இரண்டு துருவங்கள் வைக்க MATLAB-இல் `place` பயன்படுத்துங்கள் என்று அறிவுரை. ஒரே உள்ளீடு உள்ள அமைப்புக்கு `place` அதை மறுத்துவிடும், B-யின் தரத்தைவிட அதிகமாகத் துருவங்கள் ஓரிடத்தில் கூடுவதை அது ஏற்காது. அதைப் பற்றி அப்போதே எழுதினேன். வெளியிட்டீர்கள், நன்றி. "இடமின்மையால் சுருக்கப்பட்டது" என்ற குறிப்போடு, காரணம் சொன்ன பத்தியை நீக்கிவிட்டு, "தொடர் அருமை" என்ற என் முதல் வாக்கியத்தை மட்டும் வெளியிட்டீர்கள். என் பெயரில் வந்த அந்தப் பாராட்டை நண்பர்கள் இன்றும் எடுத்துக்காட்டிச் சிரிக்கிறார்கள்.

கட்டுரையாளர் மேல் எனக்குக் கோபம் இல்லை. எழுதுகிறவர் அவசரத்தில் எழுதுவார். படித்துப் பார்த்து, "இது எல்லா அணிக்கும் பொருந்துமா?" என்று ஒரு கேள்வி கேட்கத்தானே ஆசிரியர் குழு என்று ஒன்று இருக்கிறது?

கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. அடுத்த இதழில் ஒரு திருத்தம் போடுங்கள்: துணை வடிவமும், உள்ளீட்டின் கெழு 1-உம், u = −Kx என்ற குறி மரபும் இருந்தால் மட்டுமே கழித்தல் செல்லும்; இல்லையென்றால் det(sI − A + BK)-யை விரித்துக் கெழுக்களைச் சமன்படுத்த வேண்டும்; கிடைத்த K-யைத் திரும்ப வைத்துத் துருவங்களைச் சரிபார்க்க வேண்டும். மூன்று வரிக்கு மேல் வராது. இந்தக் கடிதத்தையும் வழக்கம்போலச் சுருக்குவதானால் சுருக்கிக்கொள்ளுங்கள். −21, −7 என்ற எண்களுக்கு முன்னால் இருக்கும் கழித்தல் குறிகளை மட்டும் இடமின்மை காரணமாக நீக்கிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
சுருக்கப்பட்ட வாசகர்