பாதி வேலைக்கு முக்கால் பணமா?

அன்புள்ள சேகர்,

உன் சைட்டின் பிளம்பிங் வேலைக்கு எந்தக் கட்டத்தில் எவ்வளவு பணம் தருவது என்று நீ எழுதி அனுப்பிய பட்டியலைப் பார்த்தும் இத்தனை நாள் பதில் போடவில்லை. திட்டுவதை நேரில் திட்டிக்கொள். இங்கே எல்லாரும் நலம். ராஜி பரீட்சையில் தேறிவிட்டாள், இந்த முறை நீ சொல்லிக்கொடுக்காததால்தான் என்கிறாள்.

இப்போது எழுதக் காரணம், என் சைட்டில் பிளம்பிங் எடுத்திருந்த சப் கான்ட்ராக்டர் போன வாரம் பாதியில் விட்டுவிட்டுப் போய்விட்டார். பதறாதே. மிச்ச வேலைக்கு எவ்வளவு தேவையோ அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே பணம் என் கையில் இருக்கிறது. உன் பட்டியலை வைத்துக்கொண்டு நான் இறங்கியிருந்தால் நடுத்தெருவில் நின்றிருப்பேன்.

அதை மறுபடி படித்துப் பார். மொத்தம் நூறு என்றால், அட்வான்ஸ் 20, குழாய் சைட்டுக்கு வந்ததும் 30, நாலு மாடியிலும் குழாய் ஓட்டியதும் 30, டேப்புகள் மாட்டியதும் 15, கடைசியில் 5. அதாவது குழாய் ஓட்டி முடிக்கும்போதே 80 போய்விடும். அன்றைக்கு அவர் ஓடிவிட்டால், மிச்சத்தை முடிக்க வரும் புது ஆள் 35 கேட்பார். இன்னொருவர் விட்ட வேலையில் எங்கே கசிகிறது என்று தேடுவதற்கும் சேர்த்துத்தானே கேட்பார்? உன் கையிலோ 20. அந்த 15-ஐ யார் போடுவது?

நான் இப்படிப் பிரித்திருந்தேன். அட்வான்ஸ் 10. ஒரு மாடியில் குழாய் ஓட்டி, பிரஷர் டெஸ்ட்டும் தேறினால் 12, நாலு மாடிக்கு 48. மாட்டும் வேலை முடிந்தால் மாடிக்கு 6, ஆக 24. எல்லாம் ஓட விட்டு, குழாய் எங்கெங்கே போகிறது என்ற வரைபடமும் கொடுத்தால் 10. கடைசி 8 பிடித்தம், குறை பார்க்கும் காலம் முடிந்த பிறகு. குழாய் இறங்கியதற்கென்று தனிப் பணம் கிடையாது. சுவரில் ஏறாத குழாய் ராத்திரியே வேறு சைட்டுக்குப் போய்விடும்.

'ஓட்டி முடித்தால்' என்று மட்டும் எழுதாதே, 'டெஸ்ட் தேறினால்' என்று எழுது. பூச்சு பூசிய பிறகு கசிந்தால் சுவரை உடைக்க வேண்டும். ஆகவே பூசுவதற்கு முன், குழாயில் காற்றை முழுக்க வெளியேற்றி, தண்ணீர் நிரப்பி, வழக்கமாக ஓடும் அழுத்தத்தைப் போல ஒன்றரை மடங்கு ஏற்றி, சில மணி நேரம் கேஜ் முள் இறங்காமல் நிற்கிறதா என்று நீயே நின்று பார். அதிலும் ஒரு தில்லுமுல்லு உண்டு. கேஜுக்கும் குழாய்க்கும் நடுவிலுள்ள வால்வை மூடிவிட்டால் முள் நாள் முழுக்க அசையாது. முடிவில் கேஜிலிருந்து தூரக் கோடியில் உள்ள முனையைக் கொஞ்சம் திறக்கச் சொல். முள் சடாரென்று விழுந்தால்தான் அது உண்மையான டெஸ்ட்.

என் சப் கான்ட்ராக்டர் சாயப்போகிறார் என்று எனக்கு எப்படித் தெரிந்தது? பழகிய இரண்டு கைகாரர்கள் காணாமல் போய், புதுப் பையன்கள் வந்தார்கள். சம்பளம் பாக்கி, அல்லது நல்ல ஆட்களை வேறு சைட்டுக்கு மாற்றிவிட்டார். அதைவிட முக்கியமானது, எல்லா மாடியிலும் நேரான ஓட்டம் முடிந்திருந்தது. மேலிருந்து இறங்கும் பெரிய குழாயில் சேரும் சிக்கலான இணைப்பு மட்டும் எங்குமே முடியவில்லை. பார்ப்பவருக்கு முக்கால் வேலை முடிந்த மாதிரி இருக்கும், அவரும் அதற்கே பில் போட்டார். மாடிக் கணக்கு இருந்ததால் நான் முடியாத மாடிக்குத் தரவில்லை. அடுத்து, குழாய்க் கடைக்காரர் எனக்கே போன் செய்து, "அவர் பாக்கியை நீங்கள் தருவீர்களா?" என்றார். சிரித்து மழுப்புகிற விஷயமில்லை அது.

அன்றே சப் கான்ட்ராக்டரைக் கூப்பிட்டுப் பேசினேன். கடைக்காரருக்கு நான் நேராகக் கொடுத்து, அதைச் சப் கான்ட்ராக்டரின் பில்லில் கழித்துக்கொள்ள மூவரும் கையெழுத்துப் போட்டோம். இரண்டு மாடி வேலை அப்படி ஓடியது. நல்ல மனிதர்தான், சேகர். இன்னொரு சைட்டில் மாட்டிக்கொண்ட பணத்தை என் சைட்டை வைத்து அடைக்கப் பார்த்தார். வருத்தமாக இருக்கிறது, ஆனாலும் முன்பணம் தர மனம் வரவில்லை.

மாதம் ஒருமுறை ஒரே ஒரு கணக்கு போடு: இன்று அவர் போய்விட்டால், வேறொருவர் முடிக்க எவ்வளவு, உன்னிடம் எவ்வளவு? முதலாவது பெரிதாகிற மாதமே பில்லில் கையெழுத்துப் போடுவதை நிறுத்து. நிறுத்தும் உரிமை ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். உன்னுடையதில் அந்தப் பத்தியையே காணவில்லை.

பட்டியலைத் திருத்தி அனுப்பு, அதற்கு முன் அட்வான்ஸ் கொடுத்துவிடாதே. மணி அண்ணனிடம் குடை பற்றி நான் எதுவும் கேட்கவில்லை என்று சொல்.

உன்,
பாலு