‘ஆவன செய்ய’ என்ற இரண்டு சொற்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சங்கங்களும் சிறு நிறுவனங்களும் சொந்த இடம் தேடுவது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். அதில் ஒரு வரி என்னைத் தூங்க விடவில்லை. தீர்மானம் வெறும் சம்பிரதாயம்தானாம். இடத்தை எடுக்கலாம் என்று எழுதி, ‘மேற்கொண்டு ஆவன செய்யச் செயலாளருக்கு அதிகாரம்’ என்று முடித்தால் போதுமாம்.

உங்கள் பத்திரிகையை மதித்து வாசிப்பவன் என்பதால்தான் எனக்கு இவ்வளவு கோபம். இந்த இரண்டு சொற்களால் ஒரு சங்கம் ஐந்து ஆண்டுகள் பட்ட பாட்டை நான் கூட இருந்து பார்த்தேன். அப்போது நான் அந்தச் சங்கத்தின் நிர்வாகக் குழுவில் சாதாரண உறுப்பினர். எங்கள் நூலகத்துக்கு ஒரு கட்டிடத்தின் முதல் தளத்தைக் குத்தகைக்கு எடுக்கப் பேசினோம். மூன்று ஆண்டுக்கு எடுப்பது, மூன்று ஆண்டு முடிந்து புதுப்பிக்கும்போது மட்டும் வாடகையை 15 சதவீதம் உயர்த்துவது என்று கூட்டத்தில் எல்லோரும் வாயால் ஒப்புக்கொண்டோம். தீர்மானப் புத்தகத்தில் ஏறியது உங்கள் கட்டுரையாளர் சொன்ன அதே ஒற்றை வரிதான். கையெழுத்துப் போட்டு விட்டு வீட்டுக்குப் போனோம்.

செயலாளர் கையெழுத்திட்டு வந்த பத்திரத்தில் காலம் 9 ஆண்டு. முதல் 5 ஆண்டுக்குள் காலி செய்ய உரிமை கிடையாது. வாடகை உயர்வு ‘15 சதவீதம்’ என்று நாங்கள் பேசிய அதே எண்தான், ஆனால் ஆண்டுக்கு ஒருமுறை. முதல் ஆண்டு வாடகை 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் பேசியபடி நடந்திருந்தால் ஐந்தாம் ஆண்டில் 115 கட்டியிருப்போம். பத்திரப்படி கட்டியது 175. ஐந்து ஆண்டையும் கூட்டிப் பார்த்தால், முதல் மாத வாடகையைப் போல 17 மடங்குக்கு மேல் கூடுதலாகக் கொடுத்திருக்கிறோம். புத்தகம் வாங்க வைத்திருந்த பணம் அப்படித்தான் போனது.

செயலாளரைக் கேட்டோம். அவர் தீர்மானப் புத்தகத்தைத் திறந்து அந்த வரியை எங்களுக்கே வாசித்துக் காட்டினார். எத்தனை ஆண்டு, எவ்வளவு வாடகை, எப்போது உயர்வு என்று அதில் எங்கே இருக்கிறது என்று கேட்டார். எங்களால் பதில் சொல்ல முடியவில்லை. வழக்கறிஞரிடம் போனோம். கட்டிட உரிமையாளர் தீர்மான நகலைப் பார்த்து நம்பித்தான் கையெழுத்திட்டார், கூட்டத்தில் வாயால் பேசியது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று எப்படி வாதாடுவது என்றார். வரம்பு எழுதப்படாத அதிகாரத்தை எதிர்த் தரப்பு வரம்பில்லாத அதிகாரமாகத்தான் எடுத்துக்கொள்ளும்.

அந்த நகலைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ‘உண்மை நகல்’ என்று சான்றளித்துக் கையெழுத்திட்டவரும் அதே செயலாளர்தான். தனக்கு அதிகாரம் உண்டு என்று தானே சான்று கொடுத்துக்கொள்வதை யாரும் கேட்கவில்லை. கூட்டத்துக்குத் தலைமை வகித்தவர், அல்லது கையொப்பமிடப் போகாத வேறொரு பொறுப்பாளர் சான்றளிக்க வேண்டும். கூட்டம் நடந்த நாள், வந்தவர் எண்ணிக்கை, அந்தத் தீர்மானம் இன்றுவரை ரத்து செய்யப்படவோ திருத்தப்படவோ இல்லை என்ற உறுதி, இவை மூன்றும் நகலில் இருக்க வேண்டும்.

இன்னொன்றையும் மறக்க முடியவில்லை. அந்தக் கட்டிடம் எங்கள் பொருளாளருடைய மைத்துனருக்குச் சொந்தம். ஒன்பது பேர் குழுவில் அன்று வந்தது ஐந்து பேர், கூட்டம் செல்லுபடியாகக் குறைந்தது வர வேண்டியவர் எண்ணிக்கையான கோரமும் ஐந்துதான். எங்கள் சங்க விதிப்படி, பேசப்படும் பொருளில் சொந்த நலன் உள்ளவர் அதை முதலிலேயே கூட்டத்தில் தெரிவித்து விட்டு ஒதுங்க வேண்டும், அவரைக் கோரத்தில் சேர்க்கவும் கூடாது. பொருளாளர் வாயே திறக்கவில்லை. அவரைக் கழித்தால் நான்கு பேர்தான், அன்று கூட்டமே செல்லாது. இது எங்களுக்குத் தெரிய வந்தபோது இரண்டு ஆண்டு வாடகை கட்டியாகி விட்டது. வாடகையைக் கட்டிக்கொண்டே தீர்மானம் செல்லாது என்று சொல்வது எடுபடாது என்றார்கள்.

நான் வேலை பார்த்த நிறுவனத்தில் கதை வேறு மாதிரி. இடம் வாங்கும் தீர்மானத்தை ஒழுங்காகத்தான் எழுதினார்கள். ஆனால் கையொப்பமிடும் அதிகாரம் ஒரு மேலாளருக்கு அவர் பெயரில் மட்டும் கொடுக்கப்பட்டிருந்தது. பத்திரப் பதிவுக்கு முன்பே அவர் வேலையை விட்டுப் போய்விட்டார். அவர் இடத்துக்கு வந்தவர் பதிவு அலுவலகத்தில் நின்றபோது, தீர்மானத்தில் உங்கள் பெயர் இல்லையே என்று திருப்பி அனுப்பினார்கள். மறுபடி இயக்குநர் குழு கூடும் வரை விற்பவர் காத்திருக்க மறுத்து, கொடுத்த முன்பணத்தைப் பிடித்துக்கொண்டார். பெயரோடு பதவியையும் எழுதி, ‘அவர் இல்லாதபோது இன்னார்’ என்று ஒரு வரி சேர்த்திருந்தால் அந்தப் பணம் போயிருக்காது.

பிறகு அதே சங்கத்துக்கு நான் செயலாளரானேன். அடுத்த இடத்துக்கு நானே உட்கார்ந்து எழுதிய தீர்மானத்தை உங்கள் வாசகர்களுக்காகக் கீழே தருகிறேன். கோடிட்ட இடங்களை அவரவர் நிரப்பிக்கொள்ளலாம்.

“____ முகவரியில் உள்ள கட்டிடத்தின் முதல் தளத்தை (____ சதுர அடி) சங்க நூலகத்துக்காக, அதன் உரிமையாளர் ____ அவர்களிடமிருந்து 3 ஆண்டுக் குத்தகைக்கு எடுக்க இக்கூட்டம் ஒப்புதல் அளிக்கிறது. மாத வாடகை ____ தொகைக்கும், முன்பணம் 6 மாத வாடகைக்கும் மேற்படக் கூடாது. குத்தகைக் காலத்தில் வாடகை உயர்வு இல்லை. புதுப்பித்தால் ஒரே முறை 15 சதவீதத்துக்கு மேற்படாமல் உயர்த்தலாம். மூன்று மாத முன்னறிவிப்பில் காலி செய்யும் உரிமை சங்கத்துக்கு இருக்க வேண்டும். இவ்வரம்புக்குள் பத்திரத்தில் கையொப்பமிடவும், பதிவுக்கு நேரில் தோன்றவும் செயலாளர் ____, துணைத் தலைவர் ____ இருவருக்கும் சேர்ந்து அதிகாரம் அளிக்கப்படுகிறது. வரம்பை மீறும் எந்த நிபந்தனையையும் ஏற்குமுன் குழுவின் ஒப்புதலைப் பெற வேண்டும். இந்த அதிகாரம் இன்றிலிருந்து 90 நாள் வரை மட்டுமே செல்லும்.”

90 நாள் எதற்கு என்று கூட்டத்தில் கேட்டார்கள். பேச்சு முறிந்து போன ஒரு இடத்துக்கான தீர்மானம் புத்தகத்தில் உயிரோடு கிடந்தால், இரண்டு ஆண்டு கழித்து அதைக் காட்டி யாரும் கையெழுத்துப் போடலாம் என்றேன். பத்திர வரைவை அந்தக் கூட்டத்திலேயே வைத்து, பக்கத்துக்குப் பக்கம் தலைவர் சுருக்கொப்பமிட்டு, தீர்மானத்தோடு இணைத்தோம். உரிமையாளர் தரப்பு கடைசி நேரத்தில் 5 ஆண்டு கேட்டபோது, ‘எங்களுக்கு அதிகாரம் 3 ஆண்டுக்குத்தான், தீர்மானத்தைப் பாருங்கள்’ என்று சொல்ல முடிந்தது. அவரும் 3 ஆண்டுக்கே ஒப்புக்கொண்டார்.

ஐயா, தங்களுக்கு இதெல்லாம் தெரியாமல் இருக்காது. தங்கள் பத்திரிகையில் வந்தது என்பதற்காகவே அந்த ஒற்றை வரியை அப்படியே எடுத்து எழுதும் சங்கங்கள் இருக்கின்றன. அந்த வரி தவறு என்று அடுத்த இதழில் ஒரு திருத்தம் போடுங்கள். இடம் இருந்தால் மேலே உள்ள தீர்மானத்தையும் கட்டம் கட்டிப் போடுங்கள்.

இப்படிக்கு,
முன்னாள் சங்கச் செயலாளர் ஒருவர்