வட்டியில் எந்த ஆண்டின் விலைவாசியைக் கழிப்பது?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழின் சேமிப்புப் பக்கத்தில், டெபாசிட் வட்டியில் போன வருடத்துப் பணவீக்கத்தைக் கழித்தால் உண்மை வட்டி கிடைத்துவிடும் என்று எழுதியிருந்தீர்கள். முடிந்துபோன டெபாசிட்டுக்கு அது சரி. இன்று பணம் போடுகிறவர் கழிக்க வேண்டியது, இனி வரப்போகும் ஓராண்டின் பணவீக்கத்தை. அது யாருக்கும் தெரியாது என்பதில்தான் சிக்கல்.

2022 பிப்ரவரியை எடுத்துக்கொள்வோம். ஓராண்டு டெபாசிட்டுக்கு வங்கிகள் 5 சதவீதம் அளவில் கொடுத்துவந்தன. 2022-23க்கான பணவீக்கம் 4.5 சதவீதமாக இருக்கும் என்று ரிசர்வ் வங்கி அந்த மாதம் கணித்தது. அதை நம்பி ஒரு லட்சம் போட்டவருக்கு, ஆண்டு முடிவில் வரும் 1,05,000 ரூபாயை 1.045ஆல் வகுத்தால் பழைய விலையில் 1,00,480 ரூபாய் மதிப்பு. சின்ன லாபம்தான். அப்புறம் உக்ரைன் போர் வந்தது, எண்ணெய் விலை ஏறியது. 2023 பிப்ரவரியில் பணவீக்கம் 6.44 சதவீதம். இப்போது 1.0644ஆல் வகுத்தால் 98,650 ரூபாய்தான். பாஸ்புக்கில் 5,000 ரூபாய் கூடியிருக்கிறது, வாங்கும் சக்தியில் 1,350 ரூபாய் குறைந்திருக்கிறது. வருமான வரி அந்த 5,000 முழுவதற்கும்தான், விலைவாசிக்கென்று தள்ளுபடி கிடையாது.

இதே கணக்கு கடன்காரருக்குத் திரும்பிவிடும். அதே மாதம் 9 சதவீத நிலையான வட்டிக்குக் கடன் வாங்கியவர், அதே வகுத்தல் கணக்கின்படி உண்மையில் 4.3 சதவீதம் சுமக்கப்போகிறோம் என்று நினைத்திருப்பார். சுமந்தது 2.4தான். ஆனால் மாறும் வட்டியில் வீட்டுக்கடன் வாங்கியவருக்கு இந்தச் சலுகை நிலைக்கவில்லை. 2022 மே முதல் 2023 பிப்ரவரிக்குள், வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கடன் கொடுக்கும் ரெப்போ வட்டி 4லிருந்து 6.5 சதவீதமானது, அவர் வட்டியும் கூடவே ஏறியது.

நிலையான வட்டியிலும் எல்லாருக்கும் லாபம் என்று சொல்லிவிட முடியாது. கடன்காரரின் வருமானமும் விலைவாசியோடு ஏற வேண்டும். எங்கள் பண்ருட்டிப் பக்கத்து முந்திரி விவசாயி ஒருவர், மூட்டை 10,000 ரூபாய் விற்கும்போது ஒரு லட்சம் நகைக்கடன் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். அது 10 மூட்டைக்குச் சமம். அடுத்த அறுவடையில் விலை 9,000க்கு இறங்கினால், 1,09,000 ரூபாயை அடைக்க அவர் 12 மூட்டைக்கு மேல் விற்றாக வேண்டும். நாட்டின் பணவீக்கம் 6 சதவீதமாகவே இருக்கட்டும், முந்திரியில் அளந்தால் அவர் கட்டிய வட்டி 21 சதவீதம்.

நீங்கள் போடும் வட்டி விகிதப் பட்டியலில், ரிசர்வ் வங்கியின் அடுத்த ஆண்டுப் பணவீக்கக் கணிப்புக்கு ஒரு பத்தி ஒதுக்குங்கள். கணிப்பு இரண்டு புள்ளி தவறினால் உண்மை வட்டி எங்கே போய் நிற்கும் என்பதையும் பக்கத்திலேயே போட்டுவிடலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.