சுரங்கம் மூடின பிறகு எப்படிங்க ஷிஃப்ட்?

ஆசிரியருக்கு வணக்கம்.

போன இதழில் வந்த கோலார் தங்கவயல் தமிழர்கள் பற்றிய கட்டுரையை என் சித்தப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். அங்கே சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் வேலை பார்த்தவர், இப்போது எங்களோடு அல்சூரில் இருக்கிறார். "2019ஆம் ஆண்டு ஆய்வின்படி தொழிலாளர்கள் மூன்று ஷிஃப்டுகளில் சுரங்கத்தில் இறங்குகிறார்கள்" என்ற வரி வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்து, "மறுபடியும் திறந்துட்டாங்களாம்மா?" என்று கேட்டார். 2001 பிப்ரவரி கடைசியில் மூடிய சுரங்கம்!

சரி, அந்த ஆய்வேட்டையே பார்த்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். கட்டுரையின் அடிக்குறிப்பில் இருந்தது இவ்வளவுதான்: "எம். (2019), வெளியிடப்படாத ஆய்வேடு, ப. 31", அப்புறம் ஒரு நீண்ட இணைப்பு. அதைத் தட்டினால் நான்காம் இயலின் ஸ்கேன் பக்கங்கள் மட்டும் திறக்கின்றன. யார் எழுதியது, எந்தப் பல்கலைக்கழகம், ஒன்றும் அதில் இல்லை. அது இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியமான சோத்கங்காவின் இணைப்பு; அங்கே ஆய்வேட்டை இயல் இயலாகத் தனித்தனிக் கோப்புகளாகத்தான் ஏற்றியிருப்பார்கள். நல்லவேளை, கோப்பின் இணைப்புக்கு நடுவிலேயே `10603/` என்று தொடங்கி ஆய்வேட்டின் எண் இருக்கும். அந்த எண்ணை எடுத்து `hdl.handle.net/10603/` என்பதற்குப் பின்னால் போட்டேன், முழு ஆய்வேட்டின் முகப்புப் பக்கம் வந்துவிட்டது. அடிக்குறிப்பில் கொடுக்கவேண்டியது இந்த இணைப்பைத்தான்.

அந்த முகப்பில்தான் 2019 எங்கிருந்து வந்தது என்று புரிந்தது. `Upload Date` என்ற இடத்தில் 2019 இருக்கிறது, `Completed Date` காலியாகக் கிடக்கிறது. கண்ணில் பட்ட ஒரே ஆண்டைக் கட்டுரையாளர் எடுத்துக்கொண்டார், அவரைக் குறை சொல்ல மனசு வரவில்லை. ஆனால் அது யாரோ ஸ்கேன் செய்து ஏற்றிய தேதி. யுஜிசியின் 2009 விதிகள் ஆய்வேட்டை மின்படியாகவும் தரச் சொன்னது அதற்குப் பிறகு வந்தவற்றுக்கு; பழைய ஆய்வேடுகள் எல்லாம் பின்னால் ஸ்கேன் ஆகித்தான் உள்ளே போகின்றன. `01_title.pdf` என்ற முதல் கோப்பைத் திறந்தால் தலைப்பு, பல்கலைக்கழகம், நெறியாளர் பெயர், கீழே "மார்ச் 1994". அடுத்த கோப்பிலுள்ள நெறியாளர் சான்றிதழிலும் அதே மாதம்தான். ஷிஃப்ட் கணக்கு 1994க்குச் சரி. 25 வருஷம் தள்ளிவைத்ததில்தான் மூடின சுரங்கத்துக்குள் ஆட்கள் இறங்கிவிட்டார்கள்.

பக்க எண்ணிலும் ஒரு சறுக்கல். 31 என்பது திரையில் கோப்பு காட்டும் எண். நான்காம் இயல் அச்சில் 113ஆம் பக்கத்தில் தொடங்குகிறது, ஆகவே கோப்பின் 31ஆம் பக்கத்தின் தலையில் தட்டச்சாகியிருப்பது 143. ஒவ்வொரு கோப்பிலும் எண் ஒன்றிலிருந்து தொடங்குவதால் "ப. 31" என்று ஏழெட்டு பக்கங்கள் இருக்கக்கூடும். நூலகத்தில் தாள் பிரதியைப் புரட்டுகிறவர் அந்த எண்ணை நம்பி முன்னுரையில் போய் நிற்பார்.

"எம்." யார் என்று வேறு யோசித்துக்கொண்டிருந்தேன். அது ஆய்வாளரின் அப்பா பெயரின் முதலெழுத்து! அவர் பேரைத் தளத்தில் சொந்தப் பெயர் முன்னால், இனிஷியல் பின்னால் என்று பதிந்திருக்கிறார்கள், நடுவில் கால்புள்ளி இல்லை. மேற்கோள் மென்பொருள் கடைசியில் நிற்பதைக் குடும்பப் பெயர் என்று எடுத்துக்கொண்டு, உள்ள பெயரைத் தூக்கி எறிந்துவிட்டது. தமிழ்ப் பெயர்களுக்கு இது வழக்கமாக நடப்பதுதான், கையால்தான் திருத்த வேண்டும்.

"வெளியிடப்படாத" என்பதைப் பற்றி ஒரு வார்த்தை. புத்தகமாக வரவில்லை என்ற பொருளில் நம் ஆய்வேடுகளில் காலகாலமாக அப்படி எழுதுகிறோம், தப்பில்லை. ஆனால் ஏபிஏ மேற்கோள் முறையின் ஏழாம் பதிப்பின்படி, யாரும் திறந்து படிக்கும்படி களஞ்சியத்தில் இருப்பதற்கு அந்தச் சொல் கிடையாது. பல்கலைக்கழகத்தில் தாளாக மட்டும் இருப்பதற்குத்தான் உண்டு. கட்டுரையாளர் இணைப்பையும் கொடுத்துவிட்டு "வெளியிடப்படாத" என்றும் போட்டிருக்கிறார். அந்த முறையில் எழுதினால் வரிசை இப்படி வரும்: ஆய்வாளர் பெயர், இனிஷியல், அடைப்புக்குள் 1994, தலைப்பு, சதுர அடைப்புக்குள் "முனைவர் பட்ட ஆய்வேடு" என்பதோடு பல்கலைக்கழகத்தின் பெயர், பிறகு சோத்கங்கா, கடைசியில் அந்த எண் இணைப்பு. 143 கட்டுரைக்குள் மேற்கோள் வரும் இடத்தில் நிற்க வேண்டும்.

அடுத்த இதழில் ஆண்டையும் பக்கத்தையும் மட்டுமாவது திருத்திப் போடுங்கள். ஆய்வாளரின் முழுப் பெயரையும் சேர்த்தால் நல்லது, அத்தனை தொழிலாளர் வீடுகளுக்கு நடந்து போய்ப் பேட்டி எடுத்தவர் "எம்." என்று நிற்கிறார். சித்தப்பாவுக்கு அந்த 143ஆம் பக்கத்தைப் படித்துக் காட்டிவிட்டேன். "நைட் ஷிஃப்ட் நேரத்தை மட்டும் தப்பா போட்டிருக்கான்" என்றார்.

- ஒரு வாசகி, பெங்களூரு - 8