76 காட்டுகிறது, ஆனால் கை கனக்கிறது

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். சென்ற மாதம் உவர்மலையிலிருந்து ஒரு தம்பி, எங்களிடம் வாங்கிய கணினியைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தார். RTX 4060 கிராபிக்ஸ் அட்டை, 2560×1440 மொனிட்டர், விளையாட்டு Cyberpunk 2077. "அண்ணா, மூலையில் நொடிக்கு 76 பிரேம் காட்டுகிறது. ஆனால் மவுஸை அசைத்தால் சேற்றுக்குள் இழுப்பதுபோல் இருக்கிறது. அட்டை பழுதா?" என்று கேட்டார்.

அட்டையில் ஒரு பழுதும் இல்லை. தவறில் பாதி எங்களுடையது. விற்கும்போது Frame Generation-ஐப் போட்டுப் பெரிய எண்ணைக் காட்டிவிட்டு, அதே அமைப்போடு கட்டிக் கொடுத்துவிட்டோம். அன்று அவருக்குச் சொல்லத் தவறியதை இன்று எல்லோருக்கும் எழுதுகிறோம்.

விளையாட்டின் அமைப்புப் பக்கத்தில் DLSS, FSR என்ற பெயர்களின் கீழ் இரண்டு வெவ்வேறு வேலைகள் அடுத்தடுத்து இருக்கின்றன. ஒன்று, படத்தைச் சிறிதாக வரைந்து பெரிதாக்குவது. Quality, Balanced, Performance என்பவை அதன் படிகள். மற்றது, வரையாத பிரேமை இட்டுக்கட்டி நடுவில் செருகுவது. அதுதான் Frame Generation. முதலாவது அட்டையின் சுமையை உண்மையிலேயே குறைக்கிறது. இரண்டாவது கண்ணுக்கு மட்டும் ஓட்டத்தைக் கூட்டுகிறது. உங்கள் கை அசைவை அது அறியாது.

முதலாவதை முதலில் பார்ப்போம். 1440 மொனிட்டரில் Quality போட்டால் அட்டை உள்ளே வரைவது 1707×960 அளவில்தான். Balanced என்றால் ஏறக்குறைய 1485×835, Performance என்றால் 1280×720. குறையும் புள்ளிகளை அது பழைய பிரேம்களிலிருந்து சேர்த்துக்கொள்கிறது. ஒவ்வொரு பிரேமிலும் கமரா மயிரிழை அளவு நகர்த்தப்படுவதால், நாலைந்து பிரேம்களைச் சேர்த்தால் ஒரு பிரேமில் இல்லாத நுணுக்கம் கிடைக்கிறது. எந்தப் புள்ளி எங்கே நகர்ந்தது என்று விளையாட்டே சொல்லிக்கொடுக்க வேண்டும். சொல்லாத இடத்தில்தான் கோளாறு வரும்.

மழைத்துளி, தீப்பொறி, புகை, விளம்பரப் பலகையில் ஓடும் எழுத்து ஆகியவற்றுக்குப் பல விளையாட்டுகள் நகர்வுத் தகவலைச் சரியாகக் கொடுப்பதில்லை. அதனால் அவற்றின் பின்னால் ஒரு வால் இழுபடும். உட்துறைமுகத்தில் படகு கடந்தபின்னும் நீரில் கோடு நிற்குமே, அதைப்போல. இன்னொன்று, ஆள் ஒருவர் வேலியைக் கடந்து நடக்கும்போது அவர் முதுகுக்குப் பின்னால் புதிதாக வெளிப்படும் இடம். அந்த இடத்துக்குப் பழைய பிரேமில் சரித்திரம் இல்லை; ஆகவே அங்கே பொடி மணல் கொதிப்பதுபோல் ஒரு நொடி தெரியும். FSR-இன் 2, 3 ஆம் பதிப்புகளில் இது கூடுதல். 2025-இல் வந்த DLSS 4-இன் புதிய மாதிரியில் வால் இழுபடுவது நன்றாகக் குறைந்திருக்கிறது. மூன்றாவது, மின்கம்பி, வலை, தலைமுடி போன்ற மெல்லியவை. உள்ளளவு குறையக் குறைய இவை மினுங்கும்.

விளையாட்டில் ஒரே இடத்தில் நின்றபடி படத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். நின்றால் எல்லாப் படியும் அழகாகத்தான் இருக்கும், ஏனென்றால் சேர்ப்பதற்கு நேரம் கிடைக்கிறது. Motion Blur, Film Grain இரண்டையும் அணைத்துவிட்டு, கம்பி வேலியொன்றின் அருகே பக்கவாட்டாக நடந்து பாருங்கள்.

படியைவிட மொனிட்டர் முக்கியம் என்பது எங்கள் கருத்து. 4K தொலைக்காட்சியில் Performance கூட 1920×1080-இலிருந்து தொடங்குகிறது, தாராளமாகப் போடலாம். ஆனால் எங்களிடம் வாங்கிய பெரும்பாலானோர் வைத்திருக்கும் 1080 மொனிட்டரில் Quality-யே 1280×720 தான். அதற்குக் கீழே போகாதீர்கள். நிழலையோ Ray Tracing எனும் கதிர்த் தடத்தையோ ஒரு படி குறைப்பது மேல்.

இனி அந்த 76-க்கு வருவோம். Frame Generation-ஐ அணைத்துப் பார்த்தோம்: 46 பிரேம். போட்டால் 76. அதாவது உண்மையில் வரையப்படுவது 38, மற்றது இட்டுக்கட்டியது. இட்டுக்கட்டுவதற்கும் அட்டைக்கு வேலை இருப்பதால் 46-இலிருந்து 8 பிரேம் அதற்கே போய்விட்டது. அதோடு நடுப் பிரேமை உருவாக்க அடுத்த உண்மைப் பிரேம் கையில் இருக்க வேண்டும். எனவே வரைந்து முடித்ததை உடனே காட்டாமல், இட்டுக்கட்டியதை முதலில் காட்டி, உண்மையானதைப் பிடித்துவைத்துப் பிறகு காட்டுகிறது. 38 பிரேமில் ஒவ்வொன்றுக்கும் 26 மில்லிசெக்கன். அதில் பாதி, 13 மில்லிசெக்கன், இந்தக் காத்திருப்பில் கூடுகிறது. கணக்கிடும் நேரம் தனி. தம்பி சொன்ன சேறு இதுதான்.

குறைந்த பிரேமில் படமும் இரட்டிப்பாகக் கெடும். இரண்டு உண்மைப் பிரேம்களுக்கு இடையே பொருள்கள் தூரம் நகர்ந்திருப்பதால் ஊகம் தவறுகிறது. தவறான படமும் திரையில் நீண்ட நேரம் நிற்கிறது. காரைத் திருப்பும்போது சக்கரத்தைச் சுற்றி நிலம் இழுபட்டது. கமராவைச் சடாரென்று திருப்பினால் திரையின் ஓரங்கள் கிழிந்து ஒட்டின. இலக்கு காட்டும் குறி எழுத்துகள் நடுங்கின. இவையெல்லாம் முன்பு சொன்ன வாலும் மினுக்கமும் அல்ல. இவை Frame Generation-இன் கையெழுத்து. அணைத்ததும் மறைந்தால் சந்தேகமே வேண்டாம்.

நாங்கள் செய்தது இவ்வளவுதான். Frame Generation-ஐ முதலில் அணைத்தோம். Quality-யை Balanced ஆக்கினோம். கதிர்த் தடத்தில் பிரதிபலிப்பை மட்டும் விட்டு, ஒளியமைப்பை நிறுத்தினோம். அட்டையின் 8 ஜிபி நினைவகம் நிரம்பி அவ்வப்போது திக்கியதால் டெக்ஸ்சரை ஒரு படி இறக்கினோம். Frame Generation-உம் அதே நினைவகத்தில்தான் பங்கு கேட்கிறது. இப்போது உண்மையாகவே 71 வந்தது. அதன்பின் Frame Generation-ஐ மீண்டும் போட்டோம்: 118, அதாவது உண்மை 59. காத்திருப்பு எட்டரை மில்லிசெக்கனுக்கு இறங்கியது. தாமதத்தைக் குறைக்கும் Reflex ஓடிக்கொண்டிருக்க, தம்பி ஐந்து நிமிடம் கார் ஓட்டிவிட்டு ஒன்றும் சொல்லாமல் கணினியைக் கட்டச் சொன்னார்.

ஆகவே அணைத்த நிலையில் 60-ஐ ஒட்டி வராவிட்டால் அதைத் தொடாதீர்கள். ஆட்களைச் சுட்டு விளையாடும் இணையப் போட்டிகளில் எத்தனை வந்தாலும் தொடாதீர்கள். தொலைதூரச் சேவையகத்துக்குப் போய்வரும் தாமதமே நமக்குப் போதும். மொனிட்டர் 60 ஹெர்ட்ஸ் என்றால் வீண்: பிரேம்களை மொனிட்டரின் வேகத்தோடு கட்டிவைக்கும் V-Sync போட்டிருக்கும்போது மொத்தம் 60-ஐத் தாண்ட முடியாததால் உண்மைப் பிரேம் 30-க்கு இறங்கிவிடும். நன்றாக ஓடிய விளையாட்டைக் காசு கொடுத்துக் கெடுத்ததுபோல் ஆகும். தம்பியின் மொனிட்டர் 144 ஹெர்ட்ஸ் என்பதால் தப்பினார்.

கடந்த ஆண்டு எங்களிடம் 40 வரிசை அட்டை வாங்கியவர்கள் கணினியைக் கொண்டுவந்தால் கட்டணமின்றி அமைத்துத் தருகிறோம். பெட்டியை மட்டும் கொண்டுவர வேண்டாம். உங்கள் மொனிட்டரையும் அதன் கம்பியையும் சேர்த்துக் கொண்டுவாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் கணினிக் கடையினர்,
திருகோணமலை